பெரியவர்களுக்குப் போனிலேயே ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது எப்படி?

கேள்வி: திருச்சியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, இணையம் தெரியாத பெரியவர்கள் போன் பண்ணிச் சொன்னால் ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எங்கள் சொந்த ஐஆர்சிடிசி கணக்கில் போட்டால் சட்டப்படி சிக்கல் வருமா? போனில் என்னென்ன கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்? யாராவது அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

ரயில்வே முன்பதிவு கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம், அதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது என்று தெரிகிறது.

சொந்தக் கணக்கில் உறவினருக்கும் நண்பருக்கும் தெரிந்தவருக்கும் டிக்கெட் போடலாம். 2024-இல் "வேறு குடும்பப் பெயர் உள்ளவருக்கு டிக்கெட் போட்டால் ஜெயில்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அது தவறு என்று ரயில்வே தரப்பே அப்போது மறுத்தது. குற்றமாவது அதை வியாபாரமாகச் செய்வதுதான். ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவில், அனுமதி இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்கும் தொழில் செய்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. இணையத்தில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே தனிநபர் கணக்குகளைப் பல பெயர்களில் திறந்து டிக்கெட் விற்றது பற்றியதுதான்.

ஆகவே டிக்கெட் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். "போன் செலவுக்கு இருபது ரூபாய்", "சங்கத்துக்கு நன்கொடை" என்று எந்தப் பெயரிலும் வேண்டாம். பெரியவர்கள் அன்பாகத்தான் கொடுப்பார்கள், கையில் திணிப்பார்கள். மறுத்துவிடுங்கள். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் உங்களைக் காப்பது அந்த மறுப்புதான்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு கணக்கில் மாதம் 12 டிக்கெட்தான் போட முடியும். ஆதார் சரிபார்த்த கணக்காக இருந்து, பயணிகளில் ஒருவரும் ஆதார் சரிபார்த்தவராக இருந்தால் 24. இதில் உங்கள் வீட்டுப் பயணமும் அடங்கும். ஐந்து பேர் என்றால், ஆளுக்கு ஐந்தாறு டிக்கெட் என்று மாதத்துக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. வரம்பு முடிந்ததும் இன்னொரு கணக்கு திறக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அங்கிருந்துதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பொது அறிவிப்புப் பலகையில் எண்ணைப் போட்டு ஊரையே கூப்பிடுவதும் வேண்டாம். உங்கள் குடியிருப்பில் உங்களுக்கு முகம் தெரிந்தவர்களோடு நிற்கட்டும். அடிக்கடி ஊர் போகும் பெரியவர் இருந்தால், ஒரு நாள் நேரில் போய் அவர் பெயரிலேயே, அவர் செல்பேசி எண்ணிலேயே கணக்கு திறந்து ஆதாரும் இணைத்துக் கொடுத்துவிடுங்கள். இப்போது முன்பதிவு திறக்கும் நாளில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் முன்னுரிமை, அதனால் அது அவருக்கும் லாபம்.

சரி, போன் விஷயத்துக்கு வருவோம். கவுண்டரில் ஒரு படிவம் இருக்கும். ரயில் எண், தேதி, ஏறும் ஊர், இறங்கும் ஊர், பெயர், ஆணா பெண்ணா, வயது, எந்த பெர்த், கையெழுத்து. அந்தப் படிவத்தில் ஒவ்வொரு கட்டமும் எங்களுக்கு ஒரு சண்டை வந்து, அதனால் வந்த கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே ஒரு தாளில் வரிசையாக அச்சடித்துக்கொண்டு, போன் வரும்போது நிரப்புங்கள். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பெரியவர் "இரு, உள்ளே போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்று போனால் ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் ஐஆர்சிடிசி உங்களை வெளியே தள்ளிவிடும். முழுத் தாளும் நிரம்பிய பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும்.

கேட்பவரும் கணினியில் ஏற்றுபவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லது. ஒருவர் கேட்டு எழுதி, இன்னொருவர் அதைப் பார்த்து ஏற்றினால், எழுத்து புரியாமல் 1, 7 ஆகிவிடும்.

ஒரு உதாரணமாகவே சொல்கிறேன், எங்கெங்கே கால் இடறும் என்று தெரியும். ஒரு அம்மா கூப்பிடுகிறார்: "தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி மெட்ராஸ் போகணும். நான், அவரு, மருமக, மூணு பேரு. கீழ் பெர்த்தா பாத்துப் போடுப்பா."

முதல் இடறல் அந்த "வெள்ளிக்கிழமை ராத்திரி"யிலேயே இருக்கிறது. திருச்சியிலிருந்து இரவில் சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் உண்டு. திருச்சியிலேயே கிளம்புவது, நள்ளிரவுக்கு முன் கிளம்பிவிடும். அதற்கு வெள்ளிக்கிழமை தேதி போட்டால் சரி. திருநெல்வேலியிலிருந்து வரும் நெல்லை எக்ஸ்பிரஸோ நள்ளிரவைத் தாண்டித்தான் திருச்சிக்கு வரும். அதற்கு வெள்ளி தேதி போட்டீர்களென்றால், வெள்ளிக்கிழமை விடியலுக்கு முன் திருச்சியைக் கடந்து போன வண்டிக்கு டிக்கெட் கிடைக்கும். அம்மா வெள்ளி இரவு பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வரும்போது அவருடைய ரயில் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். திருச்சி, விழுப்புரம் போல நடுவழியில் ஏறும் ஊர்களில் இந்தக் குழப்பம் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இருந்தது. ஐஆர்சிடிசியில் நாம் கொடுக்கும் தேதி, நாம் ஏறும் ஊரில் ரயில் கிளம்பும் தேதி. ரயில் எங்கே புறப்பட்டது என்பது அதற்குக் கணக்கில்லை.

எனவே தேதியைக் கேட்காமல் இப்படிக் கேளுங்கள்: "அம்மா, வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பி, பதினோரு மணி வாக்கில் ஏறுற வண்டியா, இல்ல அர்த்தராத்திரி ஒண்ணரைக்கு வர்ற வண்டியா?" இரண்டாவது என்றால் சனிக்கிழமை தேதி. நேரத்தை அன்றைய கால அட்டவணையில் பார்த்துச் சொல்லுங்கள், வருடா வருடம் அது கொஞ்சம் மாறும்.

இன்னொன்று, "பத்தாம் தேதி" என்று சொல்பவர் தமிழ்த் தேதியைச் சொல்லக்கூடும். கல்யாணம், திவசம், கோயில் விசேஷம் என்று கிளம்புகிறவர்களிடம் இது சாதாரணம். சுவரில் இருக்கும் தினசரித் தாளைப் பார்க்கச் சொல்லி, ஆங்கிலத் தேதியும் கிழமையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள்). அதைத் தாண்டிய தேதி சொன்னால், எந்த நாள் திறக்கும் என்று கணக்குப் போட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, அன்று நீங்களே கூப்பிடுங்கள்.

"மெட்ராஸ்" என்பதையும் விடாதீர்கள். எங்கே இறங்க வேண்டும், யார் கூட்டிப்போக வருகிறார்கள் என்று கேளுங்கள். மகள் வீடு குரோம்பேட்டையில் இருந்தால் எழும்பூர் வரை போய்த் திரும்பி வருவது வயதானவர்களுக்குத் தண்டனை. தாம்பரம் வரை போட்டால் போதும். ஆனால் "ஒருவேளை எழும்பூர் போகவேண்டி வரலாம்" என்றால் எழும்பூர் வரை போடுங்கள். முன்னாலேயே இறங்கிவிடலாம், தாம்பரம் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போக முடியாது.

இப்போது கீழ் பெர்த். பெரியவர்களுக்காகப் போன் எடுக்கிறவர் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே நுணுக்கம் இதுதான் என்பேன். ஐஆர்சிடிசியில் ஒதுக்கீடு தேர்ந்தெடுக்கும் இடத்தில் GENERAL என்று தானாக நிற்கும். அதை மாற்றி LOWER BERTH/SR.CITIZEN என்று வைத்தால், பெரியவர்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் கீழ் பெர்த்களில் தேடும். ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு ஆறேழு, மூன்றடுக்கு ஏசியில் நாலைந்து, இரண்டடுக்கு ஏசியில் மூன்று நான்கு என்று இவை இருக்கும். 60 வயது ஆன ஆணுக்கும், 45 வயது ஆன பெண்ணுக்கும் கிடைக்கும். ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்க வேண்டும், அவர்கள் எல்லோரும் அந்த வயதுக்காரராக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு மருமகளைச் சேர்த்தால் போச்சு, அந்த ஒதுக்கீடு கிடைக்காது.

நம் உதாரணத்தில் அம்மாவுக்கு 66, அவருக்கு 72, மருமகளுக்கு 38. மூவரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் பொது ஒதுக்கீட்டில்தான் போகும். அங்கேயும் வயதைப் பார்த்துக் கணினி தானாகவே கீழ் பெர்த் கொடுக்க முயலும், இடம் இருந்தால்தான். மக்கள் அதிகம் போகும் வெள்ளிக்கிழமையில் இருக்காது. ஆகவே இரண்டு டிக்கெட்டாகப் பிரிக்க வேண்டும். பெரியவர்கள் இருவரும் பெரியவர் ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட், மருமகள் பொதுவில் இன்னொரு டிக்கெட். முதலில் பெரியவர்கள் டிக்கெட்டைப் போடுங்கள். அது உறுதியான பிறகு மருமகளுக்கு. தலைகீழாகச் செய்தால், மருமகளுக்கு மட்டும் இடம் இருந்து மற்ற இருவரும் வெயிட்டிங் லிஸ்டில் நிற்பார்கள்.

பிரித்தால் ஒரு விலை உண்டு. மருமகள் வேறு பெட்டிக்குப் போய்விடலாம். இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போக ஆள் துணை வேண்டிய பெரியவர் என்றால், கீழ் பெர்த்தைவிட மருமகள் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். "அம்மா, ரெண்டு பேருக்கும் கீழே கிடைக்கும், ஆனா மருமக வேற பெட்டியா இருக்கலாம், பரவாயில்லையா?" என்று கேட்டு, அவர் சொல்வதைத் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் இருக்கட்டும் என்றால், மூவரையும் பொதுவில் ஒரே டிக்கெட்டாகப் போட்டு, கீழே உள்ள விருப்பத் தேர்வில் "குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் போடு" அல்லது "இரண்டு கிடைத்தால் மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கிடைக்காவிட்டால் டிக்கெட்டே ஆகாது. பணம் மட்டும் போய்ச் சில நாளில் திரும்பும். அந்தச் சில நாள் உங்கள் பணம் முடங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். தானாக மேல் வகுப்புக்கு மாற்றும் வசதிக்கு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏசிக்கு மாறினால் சந்தோஷம்தான், ஆனால் அங்கே கீழ் பெர்த்தே வரும் என்று சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவில் நிறையப் பேர் "சீனியர் சலுகை போட்டியா?" என்று கேட்பார்கள். அந்தக் கட்டணச் சலுகை (ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம்) 2020 மார்ச்சில் கொரோனாவோடு நிறுத்தப்பட்டது, திரும்ப வரவில்லை. இதை முதல் போனிலேயே சொல்லிவிட்டால், பிறகு "பணத்தைத் தம்பி எடுத்துக்கிட்டான் போல" என்ற சந்தேகம் வராது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வயதை எப்படிக் கேட்பது? "அறுபது இருக்கும்" என்ற பதிலை எழுதக் கூடாது. ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ கையில் எடுக்கச் சொல்லி, பிறந்த தேதியை அல்லது வருடத்தைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் சொல்லும் வயதும் அட்டையில் உள்ள வயதும் இரண்டு மூன்று வருடம் வேறுபடுவது நம் ஊரில் சகஜம். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பார்ப்பது அட்டையைத்தான். பெரியவர் ஒதுக்கீட்டில் போட்ட ஆண் அட்டைப்படி 59 என்றால் பிரச்சினை அங்கேதான் வெடிக்கும். போனில் அறுபத்தேழும் எழுபத்தேழும் ஒன்று போலக் கேட்கும், அதனால் "ஆறு, ஏழு" என்று தனித்தனி எண்ணாகத் திருப்பிச் சொல்லுங்கள். அட்டையைக் கையில் எடுக்கச் சொன்னீர்கள் என்பதற்காக ஆதார் எண்ணைக் கேட்டு எழுதாதீர்கள். சாதாரண முன்பதிவுக்கு அது தேவையே இல்லை.

பெயர் கட்டத்தில் 16 எழுத்துக்கு மேல் ஏறாது. மீனாட்சிசுந்தரம் என்பவருக்கு MEENAKSHISUNDARAM என்று அடித்தால் 17 வரும். கடைசி எழுத்தை விட்டுவிடலாம், இனிஷியலுக்கு இடமிருக்காது, அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒட்டியே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிடக் கூடாது, பட்டு என்று கூப்பிடுகிறவர் அட்டையில் பட்டம்மாளாகவோ, சம்பந்தமே இல்லாத ராஜலட்சுமியாகவோ இருப்பார். ஓரிரு எழுத்து மாறினால் பரிசோதகர் கண்டுகொள்ள மாட்டார். ஆண் பெண் மாறினாலோ ஆளே வேறு போலத் தெரிந்தாலோதான் கேள்வி கேட்பார். பணம் கட்டிய பிறகு பெயரையும் வயதையும் இணையத்தில் திருத்த வழியில்லை, ரத்து செய்து கழிவு போக மீதியைத்தான் வாங்க முடியும்.

அதனால் பணம் கட்டுவதற்கு முந்தைய திரை வந்ததும் நிறுத்தி, திரையைப் பார்த்துப் படியுங்கள். தாளைப் பார்த்துப் படித்தால் நீங்கள் எழுதியதைத்தான் சரிபார்க்கிறீர்கள், அடித்ததை அல்ல. பெரியவர் மறுமுனையில் இருக்கும்போது சொல்லுங்கள்: சனிக்கிழமை, தேதி இன்னது, ஒன்றரை மணிக்கு ராத்திரி, திருச்சியில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவது, பெயர் ஒவ்வொன்றாக, வயது எண்ணெண்ணாக. "ஆமா, ஆமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால் அவர் கேட்கவில்லை என்று பொருள். கிழமையையும் நேரத்தையும் அவர் வாயால் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள்.

அதே திரையில் செல்பேசி எண் கட்டம் இருக்கும். உங்கள் கணக்கின் எண் அங்கே தானாக வந்து நிற்கலாம். அதை மாற்றிப் பயணியின் எண்ணைப் போடுங்கள். ரயில் ரத்து, தாமதம், சார்ட் போட்ட பிறகு வரும் பெட்டி எண், பெர்த் எண் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாகப் போகும். ஏஜென்டுகள் தங்கள் எண்ணையே போட்டுவிடுவதால் பயணிகளுக்குச் செய்தி போகவில்லை என்று ரயில்வேயே முன்பு குறை சொன்னது. பெரியவரிடம் பட்டன் போன்தான், ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்றால், கூடப் போகும் மருமகளின் எண் நல்லது.

காப்பீடு வேண்டுமா என்று கேட்கும். ஒருவருக்கு 45 காசுதான், வேண்டும் என்றே கொடுங்கள். ஆனால் வாரிசு பெயர் போட ஒரு இணைப்பு தனியாக வரும். அது உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து, அன்றே பெரியவரிடம் கேட்டு நிரப்பிவிடுங்கள்.

பணத்தில்தான் நல்லெண்ணம் கெடும். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு யூபிஐயில் கட்டினால் பத்து ரூபாயும் அதன் மேல் வரியும், ஆக 11 ரூபாய் 80 காசு ஐஆர்சிடிசி சேவைக் கட்டணம். ஏசிக்கு இதைப் போல இரண்டு மடங்கு. இது டிக்கெட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று அல்ல. நம் அம்மாவின் பயணத்தில் இரண்டு டிக்கெட் என்பதால் இரண்டு முறை. முழுத் தொகையைப் பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள், பிறகு டிக்கெட்டில் அச்சாகும் அதே தொகையை மட்டும் வாங்குங்கள், கையெழுத்துப் போட்டு. நீங்கள் உங்கள் யூபிஐயில் கட்டிவிட்டு ரொக்கமாக வாங்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கும். அப்போது ரத்தானால் பணம் உங்கள் கணக்குக்கே திரும்பும், அம்மாவுக்கு அல்ல. டிக்கெட் போடும்போதே இதைச் சொல்லுங்கள்: "ரத்தானா பணம் எனக்குத்தான் வரும், வந்த அன்னைக்கே உங்க கையில கொடுப்பேன்." தாளின் கடைசியில் "திரும்பிய தொகை, தேதி, கையெழுத்து" என்று மூன்று கட்டம் வையுங்கள்.

போனில் ஓடிபி, கார்டு எண், யூபிஐ பின் எதையும் கேட்காதீர்கள். பெரியவர் தானாகச் சொல்ல வந்தால்கூட நிறுத்துங்கள். நீங்கள் நல்லவர் என்பதால் ஓடிபி சொல்லிப் பழகிவிட்டால், அடுத்த வாரம் "ரயில் டிக்கெட் பணம் திரும்ப வருது பாட்டி, பின் நம்பர் போடுங்க" என்று வேறொருவன் கூப்பிடுவான், அவனுக்கும் சொல்வார். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை என்பதை டிக்கெட் சொல்லும் போனிலேயே ஒரு வரியாகச் சொல்லிவிடலாம். நீங்கள் திருப்பிக் கூப்பிடும்போது எப்போதும் ஒரே எண்ணிலிருந்து கூப்பிடுங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டியது 1930.

வெயிட்டிங் லிஸ்ட் பற்றி ஒன்று. கவுண்டர் டிக்கெட்டுக்கும் இணைய டிக்கெட்டுக்கும் பெரியவர்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை. கவுண்டரில் வாங்கிய வெயிட்டிங் லிஸ்ட் காகிதத்தை வைத்துக்கொண்டு ஏறிப் பழகியவர்கள். இணையத்தில் போட்டது, சார்ட் போடும்போதும் எல்லோரும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். கையில் பத்து இலக்க பிஎன்ஆர் எண் இருக்கும், டிக்கெட் இருக்காது. அதோடு ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்பவர் ஆகிறார். ஆர்ஏசி என்றால் ஏறலாம். ஆனால் பக்கவாட்டுக் கீழ் இருக்கையை இருவர் பங்கிட்டு உட்கார்ந்து போக வேண்டியிருக்கும், முதுகுவலிக்காரருக்கு ஆகாது. அதனால் வெயிட்டிங் லிஸ்டில் பெரியவருக்கு டிக்கெட் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. வேறு வண்டி, வேறு நாள் பாருங்கள். போட்டே ஆகவேண்டும் என்றால், சார்ட் வந்ததும் நீங்கள் கூப்பிட்டு "உறுதியாச்சு, கிளம்புங்க" அல்லது "ஆகலை, கிளம்பாதீங்க" என்று சொல்வது உங்கள் பொறுப்பு. அந்த போன் வராமல் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள். இப்போது சார்ட் ரயில் கிளம்ப எட்டுப் பத்து மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுகிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு அது திருநெல்வேலியில் கிளம்பும் நேரத்திலிருந்து கணக்கு, ஆகவே திருச்சிக்காரருக்கு வெள்ளி மதியத்திலேயே தெரிந்துவிடும். பஸ் பார்க்க நேரம் இருக்கும்.

டிக்கெட் உறுதியானதும் "எஸ் 4, 17" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் பெர்த் எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ், 2, 5 நடு, 3, 6 மேல், 7 பக்கவாட்டில் கீழ், மீதியே இல்லாவிட்டால் பக்கவாட்டில் மேல். 17-உம் 20-உம் வந்திருந்தால், இருவருக்கும் கீழ், எதிரெதிரே. "நீங்களும் அவரும் எதிரெதிரே, ரெண்டும் கீழ" என்று சொல்லுங்கள், அதுதான் அவர் தெரிந்துகொள்ள விரும்பியது. மேல் பெர்த் வந்துவிட்டால், ரயிலில் ஆள் வராத கீழ் பெர்த் இருந்தால் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம், பெரியவர்களுக்குக் கொடுக்க விதி இருக்கிறது. அசல் அடையாள அட்டை ஒன்று கையில் இருக்க வேண்டும். நம் உதாரணம் போல இரண்டு டிக்கெட்டாகப் பிரித்திருந்தால், ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒருவரிடம். செல்பேசியில் பார்க்கத் தெரியாதவருக்கு டிக்கெட்டை அச்சடித்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். வழியில் ஏதாவது ஆனால் 139, தமிழிலும் பேசலாம்.

தட்கலை உங்கள் வேலையில் சேர்க்காதீர்கள். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில், ஆதார் ஓடிபியோடுதான் எடுக்க முடியும். காலை பத்து மணிக்கும் பதினோரு மணிக்கும் ஓடும் பந்தயத்தில் போனில் வயது கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவசரம் என்றால், ஒருவர் போய்க் கவுண்டரில் நிற்கட்டும், அங்கேயும் ஓடிபி கேட்பதால் பயணியின் செல்பேசியோடு. பெரியவர்களுக்குத் தனி வரிசை இருக்கும் முன்பதிவு மையங்கள் உண்டு, சில தபால் நிலையங்களிலும் முன்பதிவு செய்கிறார்கள். ரொக்கம் மட்டுமே கையாளுகிறவர்களுக்கு அவசரமில்லாத பயணத்துக்கும் கவுண்டர்தான் நல்லது, ரத்தானால் பணம் அவர் கையிலேயே திரும்பக் கிடைக்கும். நீங்கள் போனில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலே போதும், அவர் அதை நீட்டினால் வேலை முடிந்தது. ஒருவர் ஒரு முறைக்கு ஒரு படிவம்தான் கொடுக்கலாம், போகவும் வரவும் என்றால் இரண்டும் வாங்கிக்கொள்வார்கள்.

தாள்களைப் பயணம் முடிந்து, திரும்ப வேண்டிய பணமும் கொடுத்து முடிந்த பிறகு கிழித்துவிடுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் பயணிகள் பட்டியலில் அவர்கள் பெயர், வயது சேமித்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "இன்னார் இந்த நாள் ஊருக்குப் போகிறார்" என்று டிக்கெட் படத்தைப் போடுகிற பழக்கம் மட்டும் உங்கள் ஐந்து பேரில் யாருக்கும் வேண்டாம், பூட்டிய வீடு எது என்று அது எல்லோருக்கும் சொல்லிவிடும்.